எஃப்.டியா, டாக்ஸ் ஃப்ரீ பாண்டா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருப்பாதிரிப்புலியூர்ல ஒரு சின்ன ஆபீஸ்ல ரிட்டர்ன் ஃபைல் பண்ற வேலை என்னோடது. ஜூன், ஜூலை வந்துட்டா நெய்வேலி, மஞ்சக்குப்பம், பாண்டின்னு எல்லா பக்கத்துல இருந்தும் ஆளுங்க வந்து கிட்டத்தட்ட ஒரே கேள்விகளத்தான் கேக்கறாங்க, அதான் ஒரு இடத்துல எழுதி வெச்சுட்டேன். ஸ்லாப் எல்லாம் 2025-26 நிதியாண்டு, புதிய வரி முறைப்படி. வட்டி விகிதம் மட்டும் கணக்குக்காக எடுத்துக்கிட்டது: எஃப்.டி 7 சதவீதம், சீனியர் சிட்டிசனுக்கு 7.5, வட்டிக்கு வருமான வரி இல்லாத அரசு நிறுவனக் கடன் பத்திரமான டாக்ஸ் ஃப்ரீ பாண்டு 5.8. நீங்க கணக்கு போடற அன்னைக்கு உங்க பேங்க் போர்டுல என்ன இருக்கோ அதப் போட்டுக்கோங்க, முறை மாறாது.

எஃப்.டில 7 வருது, பாண்டுல 5.8 தான் வருதுங்கறீங்க. கம்மியா வர்றத எதுக்குங்க வாங்கணும்?

7 வர்றது பேங்க்ல இருந்து. உங்க கைல நிக்கறது எவ்வளவுன்னு பாக்கணும். ஒரு லட்சம் எஃப்.டி போட்டா வருஷத்துக்கு 7,000 வட்டி. நீங்க 30 சதவீத ஸ்லாப்ல இருந்தா அதுக்கு மேல 4 சதவீத செஸ்ஸும் சேந்து 31.2 சதவீதம் போகும், அதாவது 2,184 ரூபாய். மிச்சம் 4,816. அதே ஒரு லட்சம் பாண்டுல இருந்தா 5,800, அதுல வரின்னு ஒரு பைசா கிடையாது. அப்போ உங்களுக்கு எஃப்.டி உண்மையில 4.8 சதவீதம் குடுக்குது, பாண்டு 5.8 குடுக்குது.

திருப்பியும் போட்டுப் பாக்கலாம். 5.8ஐ 0.688ஆல வகுத்தா 8.43 வரும். 30 சதவீத ஸ்லாப்ல இருக்கறவருக்கு எஃப்.டி 8.43 சதவீதம் குடுத்தாதான் இந்தப் பாண்டுக்குச் சமம். எக்செல்ல போடறவங்களுக்கு:

```
=7*(1-0.312)
=5.8/(1-0.312)
```

முதல் வரி எஃப்.டில வரி போக நிக்கறது, ரெண்டாவது வரி பாண்டுக்கு ஈடா எஃப்.டி எவ்வளவு குடுக்கணும்ங்கறது. இந்தப் பக்கத்துல இருக்கற மத்த எல்லா பதிலும் இந்த ரெண்டு வரில எந்த நம்பரப் போடறதுங்கறத பத்திதான்.

டாக்ஸ் சேவர் எஃப்.டி போட்டிருக்கேன் சார், அதுவும் டாக்ஸ் ஃப்ரீ தானே?

இல்லங்க. இது ரொம்ப பேரு மாட்டிக்கற இடம். அஞ்சு வருஷ டாக்ஸ் சேவர் எஃப்.டில போடற பணத்துக்கு 80சில கழிவு உண்டு, அதுவும் பழைய முறைல இருந்தா மட்டும்தான். அதுல வர்ற வட்டிக்கு சாதா எஃப்.டி மாதிரியே முழு வரி. புதிய முறைல இருக்கறவருக்கு அந்த எஃப்.டியால ஒரு பிரயோஜனமும் இல்ல, அஞ்சு வருஷம் பணம் பூட்டிக்கிடக்கும், அவ்வளவுதான்.

அதே மாதிரி மனை வித்த லாபத்துக்கு வரி மிச்சம் பிடிக்க வாங்கற 54இசி பாண்டையும் டாக்ஸ் ஃப்ரீ பாண்டுன்னு சொல்லிக்கிட்டு வர்றாங்க. அதுவும் மனை லாபத்துக்குத்தான் விலக்கு தருது, வருஷா வருஷம் வர்ற வட்டி உங்க வருமானத்துல சேரும். 54இசி பாண்டு, டாக்ஸ் ஃப்ரீ பாண்டு ரெண்டையுமே ஆர்.இ.சி மாதிரி அதே கம்பெனிங்க விட்டதால பேரு குழப்பும். உள்ள போடும்போது வரி மிச்சமா, வெளிய வர்ற வட்டிக்கு வரி இல்லையான்னு கேளுங்க. இங்க நாம பேசறது ரெண்டாவது ரகம்.

மொத்த சம்பளத்துல 8 சதவீதம் தான் வரி கட்டறேன், அப்ப 8ன்னு போட்டா போதுமா?

போடாதீங்க, அங்கதான் தப்பு முடிவு வரும். 18 லட்சம் சம்பளம் வாங்கறவர எடுத்துக்கலாம். ஸ்டாண்டர்ட் டிடக்ஷன் 75,000 போக 17.25 லட்சம். முதல் 4 லட்சத்துக்கு ஒண்ணும் இல்ல, அடுத்த நாலுக்கு 5 சதவீதம் 20,000, அடுத்த நாலுக்கு 10 சதவீதம் 40,000, அடுத்த நாலுக்கு 15 சதவீதம் 60,000, கடைசி 1.25 லட்சத்துக்கு 20 சதவீதம் 25,000. மொத்தம் 1,45,000, செஸ்ஸோட 1,50,800. 18 லட்சத்துல இது 8.4 சதவீதம் தான், உண்மைதான்.

ஆனா எஃப்.டி வட்டி வந்து உக்கார்றது அந்த 17.25 லட்சத்துக்கு மேல. அதுல ஒவ்வொரு ரூபாயும் 20 சதவீத அடுக்குலதான் விழும், செஸ்ஸோட 20.8. சராசரி 8.4ஐப் போட்டா எஃப்.டி 6.4 குடுக்குது, பாண்டு 5.8, எஃப்.டிதான் நல்லதுன்னு தோணும். சரியான 20.8ஐப் போட்டா எஃப்.டி 5.54, பாண்டு 5.8. விடையே மாறிடுச்சு பாருங்க. வட்டி பெரிய தொகையா இருந்தா ஒரு பகுதி 20லயும் மிச்சம் அடுத்த அடுக்கான 25லயும் விழும், அப்ப ரெண்டையும் தனித்தனியா போடணும்.

சரி, எந்த ஸ்லாப்ல இருந்து பாண்டு வாங்கலாம்னு ஒரே வார்த்தைல சொல்லுங்களேன்.

ஒரே வார்த்தைல சொல்ல முடியாது, ஆனா ஒரே கணக்குல சொல்லலாம். 5.8ஐ 7ஆல வகுத்து 1ல இருந்து கழிங்க. 0.171 வரும், அதாவது 17.1 சதவீதம். உங்க கடைசி அடுக்கு வரி இதுக்கு மேல இருந்தா பாண்டு, கீழ இருந்தா எஃப்.டி. 15 சதவீத அடுக்குல இருக்கறவருக்கு செஸ்ஸோட 15.6, எஃப்.டி 5.9 நிக்கும், அவரு பாண்டு பக்கமே போக வேணாம். 20 சதவீத அடுக்குல இருந்து பாண்டு முந்துது.

சீனியர் சிட்டிசனா இருந்தா கோடு நகந்துடும். 7.5 வட்டிக்கு அதே கணக்கு போட்டா 22.7 சதவீதம் வருது, அப்ப 20 சதவீத அடுக்குல இருக்கற பெரியவருக்கும் எஃப்.டிதான் கொஞ்சம் மேல. அரை சதவீத வட்டி ஒரு முழு ஸ்லாபையே தாண்ட வெச்சுடுது. அதனாலதான் பக்கத்து வீட்டுக்காரர் வாங்கினார்னு வாங்காதீங்கன்னு சொல்றது, அவரு வயசு வேற, அடுக்கு வேற.

நான் பாண்டிச்சேரி அட்ரஸ், எங்களுக்கு வரி கம்மிதானே?

பெட்ரோலுக்கும் சரக்குக்கும் கம்மி. வருமான வரி மத்திய அரசோடது, முத்தியால்பேட்டையா இருந்தாலும் மஞ்சக்குப்பமா இருந்தாலும் ஒரே ஸ்லாப்தான்.

பேங்க்லயே டி.டி.எஸ் பிடிச்சுட்டாங்களே, அப்புறம் எதுக்கு மறுபடி வரி?

டி.டி.எஸ்ங்கறது முன்பணம் மாதிரி. 10 சதவீதம் பிடிச்சு உங்க பான் கணக்குல வரவு வைக்கறாங்க, அவ்வளவுதான். உங்க அடுக்கு 30ன்னா மிச்சத்த நீங்க கட்டணும், உங்களுக்கு வரியே இல்லன்னா பிடிச்சது ரீஃபண்டா வரும். ஒரு பேங்க்ல வட்டி வருஷத்துக்கு 50,000க்குள்ள இருந்தா, சீனியருக்கு 1 லட்சத்துக்குள்ள இருந்தா, அவங்க பிடிக்கவே மாட்டாங்க. அதுக்காக அந்த வட்டிக்கு வரி இல்லன்னு ஆகாது. நாலு பேங்க்ல பிரிச்சுப் போட்டு டி.டி.எஸ் இல்லாம தப்பிச்சுட்டேன்னு சொல்றவங்க, உங்க வருமானம் எல்லாம் வருமான வரித் துறைக்கு வந்த மாதிரியே காட்டற ஏ.ஐ.எஸ் ஸ்டேட்மெண்ட டவுன்லோட் பண்ணிப் பாருங்க, நாலு பேங்கும் வரிசையா நிக்கும்.

வரி போக நிக்கற வட்டிய கணக்கு போடும்போது டி.டி.எஸ் 10ங்கறத எங்கயும் போடக்கூடாது. போடவேண்டியது உங்க கடைசி அடுக்குதான்.

போஸ்ட் ஆபீஸ்ல, பேங்க்லலாம் கேட்டுட்டேன், டாக்ஸ் ஃப்ரீ பாண்டே இல்லங்கறாங்க. எங்கதான் கிடைக்கும்?

அவங்க சொல்றது சரிதான். என்.எச்.ஏ.ஐ, ஐ.ஆர்.எஃப்.சி, ஹட்கோ, ஆர்.இ.சி, பி.எஃப்.சி மாதிரி அரசு நிறுவனங்க 10, 15, 20 வருஷத்துக்குன்னு இத வெளியிட்டாங்க, 2015-16க்கு அப்புறம் புதுசா வரல. அப்ப வாங்கினவங்க விக்கும்போதுதான் இப்ப நமக்குக் கிடைக்கும். டீமேட் கணக்கு இருந்தா ஷேர் வாங்கற மாதிரியே என்.எஸ்.இ, பி.எஸ்.இல வாங்கலாம்.

ஆனா ஷேர் மாதிரி ஓடாது. ஸ்க்ரீனத் திறந்து பாத்தா வாங்கறவர் 1,066க்கு 20 கேட்டிருப்பார், விக்கறவர் 1,081க்கு 50 வெச்சிருப்பார், நடுவுல ஒருத்தரும் இல்ல. அங்க மார்க்கெட் ஆர்டர் போட்டீங்கன்னா எந்த விலைக்கு விழும்னே தெரியாது. விலைய நீங்களே சொல்ற லிமிட் ஆர்டர் போட்டுட்டு காத்திருங்க, ரெண்டு நாள் ஆனாலும் பரவால்ல. இன்னொண்ணு, ஸ்க்ரீன்ல தெரியற விலைல போன வட்டி தேதில இருந்து இன்னைக்கு வரைக்கும் சேந்த வட்டியும் உள்ள இருக்கும். வருஷத்துக்கு ஒரு தடவதான் வட்டி குடுப்பாங்கங்கறதால வட்டி யாருக்குன்னு முடிவாகற ரெக்கார்ட் தேதி நெருங்க நெருங்க விலை ஏறிக்கிட்டே வரும், தாண்டினதும் டபக்குன்னு இறங்கும். அதப் பாத்து விலை விழுந்துடுச்சுன்னு பயப்படத் தேவையில்ல.

பாண்டு மேலயே 7.5 சதவீதம்னு போட்டிருக்கே, நீங்க ஏன் 5.8, 5.8ன்னு சொல்லிக்கிட்டே இருக்கீங்க?

அந்த 7.5 முக மதிப்பு 1,000 ரூபாய்க்கு. அதாவது வருஷத்துக்கு 75 ரூபாய். நீங்க 1,000க்கு வாங்க முடியாது, விக்கறவருக்கும் கணக்கு தெரியும். அஞ்சு வருஷம் மிச்சம் இருக்கற ஒரு பாண்டு, சேந்த வட்டி எதுவும் இல்லாத நாள்ல, 1,072க்கு கிடைக்குதுன்னு வெச்சுக்கோங்க. 75ஐ 1,072ஆல வகுத்தா 7 சதவீதம். ஆஹா, எஃப்.டியும் 7, இதுவும் 7, இதுக்கு வரியும் இல்லன்னு பாஞ்சுடக்கூடாது. முடிவுல உங்களுக்குத் திரும்ப வர்றது 1,000 தான். 72 ரூபாய் போச்சு.

அந்த 72ஐ அஞ்சு வருஷத்துக்குப் பிரிச்சா வருஷத்துக்கு 14.40. 75ல இருந்து அதக் கழிச்சா 60.60. அத 1,072க்கும் 1,000க்கும் நடுவுல இருக்கற 1,036ஆல வகுத்தா 5.85 வரும். இது கை கணக்கு, துல்லியமா வேணும்னா எக்செல்ல இதப் போடுங்க, 5.8 சதவீதம் வரும்:

```
=RATE(5,75,-1072,1000)
```

முதல் நம்பர் மிச்சம் இருக்கற வருஷம், அப்புறம் வருஷ வட்டி, நீங்க குடுக்கற விலை, கடைசில வர்ற தொகை. எஃப்.டியோட ஒப்பிட வேண்டியது இந்த விளைச்சல மட்டும்தான், பாண்டு மேல போட்டிருக்கற 7.5ங்கற கூப்பனயும் இல்ல, 75ஐ விலையால வகுத்து வந்ததயும் இல்ல. சில பழைய வெளியீட்டுல சின்ன முதலீட்டாளருக்குன்னு குடுத்த கூடுதல் வட்டி முதல்ல வாங்கினவருக்கு மட்டும்தான், கை மாறினதும் குறைஞ்சுடும். அதனால 75ங்கற இடத்துல உங்களுக்கு நிஜமா எவ்வளவு வரும்னு பாத்துட்டுப் போடுங்க.

பி.பி.எஃப்ல 7.1 வரி இல்லாமயே குடுக்கறாங்களே, அப்புறம் இந்தப் பாண்டு எதுக்கு?

நியாயமான கேள்வி. 7.1 வரியில்லாம வர்றத 20 சதவீத அடுக்குல இருக்கறவர் எஃப்.டில எடுக்கணும்னா 8.96 சதவீதம் வேணும், 30ல இருக்கறவருக்கு 10.3. அந்த வட்டிய எந்த நல்ல பேங்கும் குடுக்காது. புதிய முறைக்குப் போனாலும் பி.பி.எஃப் வட்டிக்கு விலக்கு அப்படியே இருக்கு, போடற பணத்துக்குக் கிடைச்ச 80சி கழிவு மட்டும்தான் போச்சு. அதனால பி.பி.எஃப்ப நிறுத்திட்டேன்னு யாராச்சும் சொன்னா, ஏன்னு கேக்கத் தோணுது.

சிக்கல் என்னன்னா வருஷத்துக்கு 1.5 லட்சத்துக்கு மேல உள்ள போட முடியாது, 15 வருஷம். ரிட்டயர் ஆகி 30 லட்சம் கைல வந்து நிக்கறவருக்கு அந்த வாசல் ரொம்ப சின்னது. முதல்ல பி.பி.எஃப்ப நிரப்புங்க, மிச்சத்துக்குத்தான் எஃப்.டியா பாண்டாங்கற கேள்வியே. பழைய கணக்கு 15 வருஷம் முடிஞ்சு இருந்தா மூடாதீங்க, அஞ்சஞ்சு வருஷமா நீட்டிச்சுக்கலாம்.

12 லட்சம் வரைக்கும் வரியே இல்லன்னு சொன்னாங்களே. அப்ப எனக்கு எல்லாமே டாக்ஸ் ஃப்ரீ தானே?

புதிய முறைல மொத்த வருமானம் 12 லட்சத்துக்குள்ள இருந்தா ரிபேட்ல வரி பூஜ்ஜியம் ஆகிடும், ஆமா. சம்பளம், பென்ஷன் வாங்கறவருக்கு ஸ்டாண்டர்ட் டிடக்ஷனோட 12.75 லட்சம் வரைக்கும். அந்தக் கூட்டத்துல இருக்கறவருக்கு எஃப்.டி 7 குடுத்தா 7ம் கைல நிக்கும், 5.8 பாண்டு வாங்கறது சும்மா நஷ்டம். கடலூர்ல என்கிட்ட வர்ற பாதி பென்ஷன்காரங்களுக்கு பதில் இங்கயே முடிஞ்சுடுது, எஃப்.டியும் சீனியர் சிட்டிசன் சேமிப்புத் திட்டமும் போதும்.

டி.டி.எஸ் பிடிக்காம இருக்க எனக்கு வரி வராதுன்னு பேங்க்ல எழுதிக் குடுக்கற 15எச் ஃபார்ம வருஷ ஆரம்பத்துலயே குடுத்துடுங்க, இல்லன்னா ரீஃபண்டுக்கு காத்திருக்கணும். 12 லட்சத்துக்கு ரொம்ப கிட்ட நிக்கறவங்க மட்டும் அடுத்த பதிலப் படிக்காம போகாதீங்க.

12 லட்சத்த கொஞ்சம்தான் தாண்டிடுச்சு, 60,000க்கு மேல வரி வந்துடுச்சு! இது எப்படிங்க நியாயம்?

இது ஒரு பேராசிரியர் கேட்டது, அவரு கணக்கயே முழுசா சொல்றேன், நம்பர மட்டும் உருட்டி வெச்சிருக்கேன். பென்ஷன் வருஷத்துக்கு 9 லட்சம், டிடக்ஷன் போக 8.25. ரிட்டயர்மெண்ட் பணம் 40 லட்சம் எஃப்.டில 7.5க்கு, வட்டி 3 லட்சம். மொத்தம் 11.25 லட்சம், வரி பூஜ்ஜியம். நிம்மதியா இருந்தார். தம்பிக்குக் குடுத்திருந்த 18 லட்சம் திரும்பி வந்துச்சு, அதயும் அதே பேங்க்ல அதே எஃப்.டில போட்டுட்டார். வட்டி 1.35 லட்சம் கூடி மொத்தம் 12.60 லட்சம் ஆயிடுச்சு.

12 லட்சத்த தாண்டினதும் ரிபேட் போயிடும். ஸ்லாப்படி பாத்தா 69,000 வரி. ஆனா தாண்டின தொகைய விட வரி கூடுதலா இருக்கக்கூடாதுன்னு மார்ஜினல் ரிலீஃப்னு ஒண்ணு இருக்கு, அதனால 69,000 இல்ல, தாண்டின 60,000 தான் வரி. அதுக்கு மேல செஸ் 2,400. ஆக 62,400. புது 18 லட்சத்துல முதல் 10 லட்சத்தோட வட்டி 75,000 அவருக்கு முழுசா நின்னுச்சு, அடுத்த 8 லட்சத்தோட வட்டி 60,000 மொத்தமும் வரிக்குப் போச்சு, கூட 2,400 கைல இருந்தும் போச்சு. அந்த 8 லட்சத்துக்கு அவரு கடைசி அடுக்கு 15.6 இல்லங்க, 104 சதவீதம்! அந்தப் பணத்த வீட்டு பீரோல வெச்சிருந்தாக்கூட 2,400 மிச்சம்.

இங்கதான் டாக்ஸ் ஃப்ரீ பாண்டு வேலை செய்யுது, ஏன்னா அந்த வட்டி மொத்த வருமானத்துலயே சேராது, 12 லட்சக் கோட்டத் தொடாது. 10 லட்சம் எஃப்.டி, 8 லட்சம் 5.8 பாண்டுன்னு பிரிச்சிருந்தா 75,000ம் சுமார் 46,400ம் சேந்து 1,21,400 நின்னிருக்கும். அவருக்கு நின்னது 72,600. நாலாவது பதில்ல சொன்ன கணக்குப்படி 15 சதவீத அடுக்குக்காரர், சீனியர் வேற, பாண்டு பக்கமே போகக்கூடாதவர், ஆனா இந்த ஒரு துண்டுக்கு மட்டும் பாண்டுதான் சரி.

இந்தப் பள்ளம் 12 லட்சத்துல ஆரம்பிச்சு சுமார் 12,70,600ல முடியுது. அதத் தாண்டிட்டா மறுபடியும் கூடற ஒவ்வொரு ரூபாய்க்கும் 15.6 தான், பழைய கணக்கு திரும்ப வந்துடும். அதனால உங்க மொத்த வருமானம் 15 லட்சத்துல போய் நிக்கும்னா, பள்ளத்துல இருந்து தப்பிக்க முழுசா இறங்கி வரணும், அதுக்கு நிறைய பணத்த கம்மி வட்டிக்கு மாத்தணும், பெரும்பாலும் கட்டாது. 12க்கும் 12.7க்கும் நடுவுல இல்ல கொஞ்சம் மேல நிக்கறவங்களுக்குத்தான் இது.

அதுக்கு பதிலா வீட்டுக்காரம்மா பேர்ல எஃப்.டி போட்டுட்டா?

நீங்க குடுத்த பணம்னா அந்த வட்டி உங்க வருமானத்துலயேதான் சேரும், கிளப்பிங்னு பேரு. பேராசிரியரும் இதத்தான் கேட்டார், அவரு கணக்கு ஒரு ரூபாய் கூட மாறியிருக்காது. அவங்களோட சொந்த சம்பாத்தியமோ, அவங்க அம்மா வீட்டுல இருந்து வந்த பணமோன்னா அவங்க கணக்குதான். கல்யாண வயசுல இருக்கற பையன், பொண்ணுக்கு, இல்ல உங்க அம்மா அப்பாவுக்குக் குடுத்தா கிளப்பிங் இல்ல, ஆனா குடுத்தா குடுத்ததுதான், பணம் அவங்களோடது.

மனைவி பேர்ல பி.பி.எஃப், டாக்ஸ் ஃப்ரீ பாண்டுன்னு போட்டா இந்தப் பிரச்சனையே இல்ல, வரியில்லாத வருமானத்த யார் கணக்குல சேத்தா என்ன.

நான் மாசா மாசம் வட்டியே வாங்கல, அஞ்சு வருஷம் கழிச்சு மொத்தமா எடுப்பேன். அப்ப வரி கட்டிக்கலாம்தானே?

குமுலேட்டிவ் எஃப்.டிதானே, அதுலயும் பேங்க் வருஷா வருஷம் வட்டிய கணக்கு காட்டிடுது, டி.டி.எஸ்ஸும் வருஷா வருஷம்தான். காசு கைக்கு வரலன்னாலும் அந்தந்த வருஷத்துலயே காட்டிடுங்க. அஞ்சாவது வருஷம் மொத்தமா காட்டினா ஒரே வருஷத்துல வருமானம் குவிஞ்சு அடுக்கே மாறிடும், ஏ.ஐ.எஸ்ஸோடயும் ஒத்துப்போகாது.

இதுல இன்னொரு நுணுக்கம் இருக்கு. பேங்க் 7னு சொல்றது மூணு மாசத்துக்கு ஒரு தடவ கூட்டு வட்டி, வருஷத்துக்குப் பாத்தா 7.19. பாண்டு வட்டி வருஷத்துக்கு ஒரு தடவ, அதோட 5.8 ஏற்கனவே வருஷக் கணக்கு. ரெண்டயும் ஒரே தட்டுல வைக்கணும்னா எஃப்.டிக்கு 7.19 போடணும். அப்படிப் போட்டா அந்த 17.1 சதவீதக் கோடு 19.3க்கு ஏறுது. 20 சதவீத அடுக்குல பாண்டு இன்னும் முந்துது, ஆனா 5.69க்கும் 5.8க்கும் நடுவுல பத்து லட்சத்துக்கு ஆயிரத்து நூறு ரூபாய்தான் வித்தியாசம். அதுக்காக டீமேட் தொறந்து, விலை பாத்து, புரோக்கரேஜ் குடுத்து... அந்த அடுக்குல இருக்கறவங்களுக்கு நான் தள்ளிவிடறதில்ல, 25, 30ல இருக்கறவங்களுக்குத்தான் சொல்றேன்.

நடுவுல பணம் வேணும்னா பாண்ட வித்துக்கலாமா? அதுக்கும் வரி இல்லதானே?

விக்கலாம், ஆனா வரி இல்லங்கறது வட்டிக்கு மட்டும்தான். வாங்கின விலைய விட கூட வித்தா அந்த லாபத்துக்கு வரி உண்டு. 12 மாசத்துக்கு மேல வெச்சிருந்தா 12.5 சதவீதம், அதுக்குள்ள வித்தா உங்க ஸ்லாப். சந்தைல வட்டி ஏறியிருந்தா பாண்டு விலை இறங்கியிருக்கும், நஷ்டத்துலதான் விக்கணும், முன்னாடி சொன்ன மாதிரி வாங்க ஆளும் குறைச்சல். கடைசி வரைக்கும் வெச்சிருக்க முடியாத பணத்த இதுல போடாதீங்க, அந்த 5.8ங்கற கணக்கே முடிவு வரைக்கும் வெச்சிருந்தாதான் செல்லும்.

1,072க்கு வாங்கி 1,000 திரும்ப வந்தா அந்த 72 மூலதன நஷ்டம். எஃப்.டி வட்டியோடயோ சம்பளத்தோடயோ கழிக்க முடியாது, நீண்டகால மூலதன லாபம் எதாவது இருந்தா அதுலதான் கழிக்கலாம், எட்டு வருஷம் வரைக்கும் தூக்கிட்டுப் போகலாம். ரிட்டர்ன்ல காட்டினாதான் தூக்க முடியும், அதுவும் கெடுவுக்குள்ள ஃபைல் பண்ணியிருக்கணும்.

ஜிப்மர்ல வேலை, 30 சதவீதம் கட்டறேன், ரெண்டு வருஷத்துல ரிட்டயர்மெண்ட். இப்பவே பாண்டு வாங்கிடவா?

இன்னைக்கு ஸ்லாப வெச்சுப் பாத்தா ஆமான்னு தோணும், எஃப்.டி 4.8, பாண்டு 5.8. ஆனா அஞ்சு வருஷப் பாண்டு வாங்கினா அதுல ரெண்டு வருஷம்தான் நீங்க 30ல இருப்பீங்க. மிச்சம் மூணு வருஷம் பென்ஷன் மட்டும்தான், டிடக்ஷன் போக எல்லா வட்டியும் சேத்தும் 12 லட்சத்துக்குள்ள வந்துடும்னா எஃப்.டி உங்களுக்கு சீனியர் வட்டியோட 7.5 முழுசா குடுக்கும். மூணு வருஷத்துக்கு 1.7 விட்டுட்டு ரெண்டு வருஷத்துக்கு 1 சம்பாதிக்கறீங்க, கட்டல.

வருஷா வருஷம் தனியா எழுதிப் பாருங்க, அந்தந்த வருஷ அடுக்கு என்னவோ அதப் போட்டு. ரெண்டு வருஷத்துல முடியற பாண்டு நியாயமான விலைல கிடைச்சா வாங்கலாம், அது கிடைக்கறது கஷ்டம், கிடைச்சாலும் விளைச்சல் இன்னும் கம்மியா இருக்கலாம், `RATE` போட்டுப் பாருங்க. பென்ஷனே 16 லட்சத்துக்கு மேல வரப்போகுதுன்னா விஷயம் வேற, நாலாவது பதில்ல இருக்கற சீனியர் கோட்ட வெச்சு முடிவு பண்ணுங்க.

ஏற்கனவே 7க்கு போட்ட எஃப்.டி ஓடிக்கிட்டிருக்கு. உடைச்சுட்டு பாண்டு வாங்கலாமா?

உடைச்சா பெரும்பாலான பேங்க்ல, பணம் இருந்த காலத்துக்கான வட்டில இருந்து அரை, ஒரு சதவீதம் குறைச்சுத்தான் குடுப்பாங்க, அதுவும் ஆரம்பத்துல இருந்தே. 30 சதவீத அடுக்குல வருஷத்துக்கு உங்களுக்குக் கிடைக்கற லாபம் லட்சத்துக்கு 984 ரூபாய். ஒரு லட்சம் எஃப்.டி ஒரு வருஷம் ஓடியிருந்து 1 சதவீதம் பிடிச்சா சுமார் 1,000 போகும், வரிய கழிச்சா நிஜ இழப்பு 690 கிட்ட, அத ஒரு வருஷத்துக்குள்ள எடுத்துடலாம். நாலு வருஷம் ஓடி ஒரு வருஷம்தான் மிச்சம்னா இழப்பு நாலு வருஷத்துக்கு, லாபம் ஒரு வருஷத்துக்கு. அத அப்படியே விட்டுட்டு, முடியற தேதிய மட்டும் காலண்டர்ல குறிச்சு வெச்சு ஆட்டோ ரினியூவல ஆஃப் பண்ணிடுங்க, இல்லன்னா யோசிக்கறதுக்கு முன்னாடியே பேங்க் இன்னொரு ரவுண்டுக்கு போட்டுடும்.